விட்ட இடத்தில் பிடிக்க வேண்டாம்

கடை நொடித்துப் போனவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழமொழியோடு வருவார்கள். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பார் ஒருவர். 'கெட்டும் பட்டணம் சேர்' என்பார் இன்னொருவர். மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் மறுபடி கடை போட நினைப்பவருக்கு வேண்டியது கணக்கு. அதைச் சொல்கிற பழமொழிகளும் நம்மிடம் உண்டு.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையில் டிபன் கடை வைத்து மூடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கோயில் 5,326 அடி உயரத்தில் இருக்கிறது. தலை குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளி மக்கள் திரண்டு வருவார்கள். சீசன் கூட்டமும் அப்போதுதான். நண்பர் இடம் பார்த்ததும் அந்த மாதத்தில்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது முதல் பாடம். மூடிய பிறகு இருவரும் உட்கார்ந்து அளந்தோம். முழு எண்ணாகவே சொல்கிறேன். வாடகை, இரண்டு ஆள் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 55,000 ரூபாய். கடை திறந்தாலும் மூடினாலும் இது போய்விடும். நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்குக்கும் கேஸுக்கும் 45 ரூபாய், மிச்சம் 55. ஆகவே லட்ச ரூபாய்க்கு வியாபாரம் நடந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். நல்ல மாதத்தில் அதை எட்டினார். மழைக்காலத்தில் சனி, ஞாயிறிலேயே நாளுக்கு நாலாயிரம்தான் விற்றது. மற்ற நாளில் எண்ணூறு. மாதம் ஐம்பதாயிரம்கூடத் தேறவில்லை. அதில் 55,000 செலவுக்கு நின்றது 27,000 சொச்சம். மீதியெல்லாம் நட்டம்.

சமையல் ருசியா, ஆள் சரியில்லையா என்று அவர் மாதக்கணக்கில் குழம்பியிருந்தார். இரண்டுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வருகிற கூட்டத்துக்கு ஏழு நாள் சம்பளம் கொடுத்ததுதான் கோளாறு.

இந்த இடத்தில்தான் ஒரு பொல்லாத பேச்சு குறுக்கே வரும். 'விட்ட இடத்திலேயே பிடிக்கணும்' என்பார்கள். நண்பரும் அதை நம்பித் தண்டல் வாங்கினார். பத்தாயிரத்துக்கு ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் கரைவதால் வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வரும். எண்ணூறு விற்கிற நாளில் மிச்சமாகும் நானூற்றுச் சொச்சத்திலிருந்து அந்த நூறையும் எடுக்க வேண்டும். போன பணம் போனதுதான்; அதைத் துரத்திக்கொண்டு கைமுதலும் போக விடக்கூடாது.

மூடுகிற நேரத்துக்கென்றே 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்று ஒன்று இருக்கிறது. கேட்கக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் உண்மை. கிரைண்டரும் பிரிட்ஜும் ஓடுகிற கடையில் விலை பேசினால் பொருளாக விலை போகும். ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் எடைக்குத்தான் போகும். நண்பர் இரண்டையும் விற்று முதலில் தண்டலை அடைத்தார். சேலம் லீ பஜாரில் மளிகை பாக்கி வைத்திருந்த கடைக்காரரிடம் நேரில் போய், 'அண்ணே, மொத்தமா முடியாது, வாராவாரம் ஐந்நூறு தர்றேன்' என்றார். அவர் முகம் சுளித்தார், ஆனால் சம்மதித்தார். தவறாமல் தந்ததால், பின்னால் அதே கடையில்தான் அவருக்குக் கடனுக்குச் சரக்கு கிடைத்தது.

மறுபடி தொடங்கியபோது 'அகலக்கால் வைக்காதே' என்பதை அப்படியே எண்ணாக்கினார். அறை வேண்டாம், தள்ளுவண்டி. சனி, ஞாயிறு மட்டும். ஆளுக்கு நாள் கூலி 600. வண்டி நிறுத்தும் இடம், போக்குவரத்து எல்லாம் மாதம் பத்தாயிரத்துக்குள். பழைய மழைக்கால வியாபாரத்தையே வைத்துப் பார்த்தோம். எட்டு நாளில் 32,000 விற்றால் சரக்கு போக 17,600 நிற்கும். கூலி 4,800, மற்றது 10,000 போனாலும் 2,800 கையில் இருக்கும். பெரிய லாபமில்லைதான். மோசமான மாதத்திலும் முதல் கரையாது என்பதுதான் இதில் விசேஷம். மே மாதத்தில் வருவதெல்லாம் அதற்கு மேல்.

இப்போது அந்தச் சாலையில் யாராவது கடை பார்க்க வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "மே மாசம் பார்க்காதீங்க. ஐப்பசி மழையில ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை எத்தனை பேர் இறங்கி டீ கேக்கறாங்கன்னு எண்ணுங்க. அதுக்கு வாடகை கட்டுப்படியானா மட்டும் அட்வான்ஸ் குடுங்க."