எது முதலில்?

மென்பொருள் குழுவிடம் வரும் வேலைகள் எல்லாமே அவசரம் என்ற முத்திரையோடுதான் வருகின்றன. அவற்றை வரிசைப்படுத்த, ஒவ்வொன்றும் ஒரு வாரம் தள்ளிப்போனால் எவ்வளவு பணம் போகும் என்று கேட்க வேண்டும். அதுவே தாமதச் செலவு. அதை வேலைக்கு ஆகும் காலத்தால் வகுத்து, ஈவு பெரிதாக உள்ளதை முதலில் எடுப்பது டொனால்ட் ரெய்னர்ட்சன் எடுத்துரைத்த முறை.

ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். புதிய சந்தாத் திட்டம் தள்ளிப்போனால் வாரம் 3 லட்சம் ரூபாய் இழப்பு. செய்து முடிக்க 6 வாரம். பணம் செலுத்தும் பக்கக் கோளாறால் வாரம் 2 லட்சம் இழப்பு. சரிசெய்ய 1 வாரம். சந்தாவை முதலில் முடித்தால் அதற்கு 18 லட்சம், காத்திருக்கும் கோளாற்றுக்கு 14 லட்சம், ஆக 32 லட்சம் போகும். கோளாற்றை முதலில் சரிசெய்தால் 2 லட்சமும் 21 லட்சமுமாக 23 லட்சம்தான். வரிசையை மாற்றியதில் மட்டும் 9 லட்சம் மிச்சம். ஈவும் இதையே சொல்கிறது: சந்தாவுக்கு 0.5, கோளாற்றுக்கு 2.

இழப்பு வாரந்தோறும் ஒரே அளவில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சட்டம் விதித்த கெடுநாள் உள்ள வேலையில் அன்றுவரை இழப்பே இல்லை. மறுநாள் முதல் அபராதம். அதைக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்க வேண்டும். ரூபாய்க்குப் பதில் மதிப்பெண் போடும் குழுக்களில் எல்லா வேலைக்கும் உச்ச மதிப்பெண் விழுந்தால், இழப்பை யாரும் கணக்கிடவில்லை என்று பொருள்.