ஒரே கயிறு, வேறு வேறு பரப்பு

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஒருவரிடம் வரப்பும் வயலும் ஒன்றா என்று கேட்டால் சிரிப்பார். வரப்பு சுற்றி ஓடுவது. நடவு உள்ளே நடப்பது. ஆனால் அதே ஊர் ஐந்தாம் வகுப்பில், 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள இடத்தைச் சுற்றி வேலி போட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "12" என்று பதில் வருவது சகஜம். சரியான விடை 14.

பிள்ளைகள் மக்கு என்பதல்ல காரணம். இரண்டு சூத்திரங்களும் அடுத்தடுத்து கரும்பலகையில் வந்து விடுகின்றன. இரண்டிலும் நீளம், அகலம் என்ற அதே இரண்டு எண்கள். எதைக் கூட்ட வேண்டும், எதைப் பெருக்க வேண்டும் என்பது மட்டுமே மனதில் நிற்க வேண்டியதாகிறது. பரீட்சை முடிந்ததும் அது இடம் மாறிக் கொள்கிறது.

இதற்கு மருந்து சூத்திரத்தை இன்னொரு முறை எழுத வைப்பது அல்ல. 10 செ.மீ. பக்கமுள்ள 25 அட்டைச் சதுரங்களும் ஒரு கயிறும் போதும். டைல்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கயிறு இழுத்தால் நீளாத சணலாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட பிறகு சுற்றளவு சரியாக 2 மீட்டர், அதாவது 20 சதுரப் பக்கங்கள் இருக்கிறதா என்று அளந்து கொள்ள வேண்டும். முடிச்சு தின்னும் நீளத்தை மறந்தால் கணக்கு இடிக்கும்!

முதலில் கயிற்றைத் தரையில் 9-க்கு 1 செவ்வகமாக விரித்து உள்ளே சதுரங்களை அடுக்கினால் 9 பிடிக்கும். அதே கயிற்றை 8-க்கு 2 ஆக்கினால் 16. பிறகு 21, 24, கடைசியில் 5-க்கு 5 ஆகும்போது 25. கயிறு ஒரு அங்குலம் கூட மாறவில்லை, உள்ளே பிடிப்பதோ 9-லிருந்து 25 வரை போகிறது. ஒவ்வொரு முறையும் அடுக்கும் முன் எத்தனை பிடிக்கும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்ன பிறகு பார்ப்பதுதான் மனதில் ஒட்டும்.

அடுத்தது தலைகீழ். 12 சதுரங்களை 4-க்கு 3 ஆக அடுக்கினால் சுற்றளவு 14. இப்போது ஒரு மூலைச் சதுரத்தை எடுத்து விடுங்கள். பரப்பு 11 ஆகிறது, சுற்றளவு அதே 14! வெளியே இருந்த இரண்டு பக்கங்கள் போய், உள்ளே இருந்த இரண்டு வெளியே வந்து விட்டன. மூலைக்குப் பதிலாக ஓரத்தின் நடுவிலிருந்து எடுத்தால், கயிறு பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். ஒரு பக்கம் போய் மூன்று வருகிறது. பரப்பு குறைய, சுற்றளவு 16 ஆகக் கூடுகிறது. "ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும்" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

ஆசிரியர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 4-க்கு 3 செவ்வகத்தின் சுற்றளவு 10 என்று ஒரு பிள்ளை சொன்னால், அது ஓரத்தில் இருக்கும் சதுரங்களை எண்ணுகிறது, பக்கங்களை அல்ல. மூலைச் சதுரத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு என்பதை விரலால் தடவிக் காட்டினால் சரியாகி விடும். 4-க்கு 4 சதுரத்தை முதல் உதாரணமாக எடுக்கவே கூடாது. அங்கே இரண்டும் 16 என்று வந்து, இருக்கிற குழப்பத்தை உறுதி செய்து விடும்.

இந்த மயக்கம் இன்று வந்ததல்ல. 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், 48 ஸ்டேடியா சுற்றளவுள்ள ஸ்பார்ட்டா 50 ஸ்டேடியா சுற்றளவுள்ள மெகலோபொலிஸைப் போல இரண்டு மடங்கு பெரியது என்றால் யாரும் நம்புவதில்லை என்று எழுதினார்.

நம் ஊரில் இது காசு விஷயம். 40-க்கு 40 அடி மனைக்கும் 70-க்கு 10 அடி மனைக்கும் சுற்றுச்சுவர் ஒன்றுதான், 160 அடி. ஆனால் முதலாவது மூன்றரை சென்டுக்கு மேல், இரண்டாவது ஒன்றரை சென்டைச் சற்றே தாண்டும். சுற்றி நடந்து பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார்.

சதுர அட்டைகளால் வட்டத்தையும் முக்கோணத்தையும் சரியாக நிரப்ப முடியாது என்பது உண்மை. அதற்குச் சூத்திரம் வேண்டும்தான். ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். தமிழில் பெயரே பாடத்தைச் சொல்லி விடுகிறது: சுற்றினால் சுற்றளவு, பரப்பினால் பரப்பளவு. கயிறு சுற்றுகிறது, டைல்ஸ் பரப்பப்படுகிறது. கையால் இரண்டையும் செய்த பிள்ளைக்கு எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்று மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.