அந்த 3600 எங்கிருந்து வந்தது?

எந்த அலுவலகத்துக்குப் போய் எந்தக் கணக்கைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான். “சிஸ்டத்துல இருக்கு சார்.” சிஸ்டத்துக்குள் அது எப்படிப் போனது, போட்டது யார், எந்தத் தாளைப் பார்த்துப் போட்டார் என்று அடுத்த கேள்வி கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வேலையற்ற கிழவன் வந்து உயிரை எடுக்கிறான் என்று நினைப்பார்களோ என்னவோ. நினைக்கட்டும். புள்ளியியல் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், வந்த வழி தெரியாத எண்ணுக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிராமத்தில் நெல் மகசூல் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அறிவிக்கிறார்களே, அந்த எண். பயிர்க் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பதே அதை வைத்துத்தான். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்ததிலிருந்து, நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்குக் கிராம அளவிலேயே மகசூல் எடுக்கிறார்கள். ஒரு கிராமத்துக்கு நான்கு பயிர் அறுவடைப் பரிசோதனை. அந்த நான்கு இடத்து நெல்தான் ஊர் முழுவதன் தலையெழுத்து.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கிராமத்தின் சர்வே எண்களிலிருந்து குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். நன்றாக விளைந்த வயல், ரோட்டோரமாக இருக்கிற வயல் என்று நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று நீளம், அகலம் அளந்து, அங்கிருந்து எத்தனை தூரம் உள்ளே போவது என்பதையும் சமவாய்ப்பு எண் அட்டவணைதான் முடிவு செய்யும். அங்கே முளைக்குச்சி அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். சதுரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். அதற்குள் வேர் உள்ள பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அரை நாள் ஓடிவிடும். அறுவடை மெஷின் வயலில் இறங்குவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும் என்பது இந்தக் காலத்துத் தலைவலி.

(கயிற்றோரத்துப் பயிரைத் தாராளமாக உள்ளே இழுத்துக்கொள்வது அறுப்பவர் கையின் இயல்பு. வெட்டும் இடம் சிறிதாக இருந்தால் இந்த ஓரத் தவறே மகசூலைக் கூட்டிக் காட்டிவிடும் என்று சுகாத்மே 1940-களிலேயே எழுதிவிட்டார்.)

25 சதுர மீட்டரில் கிடைத்ததை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். தராசில் 100 கிராம் பிசகினால் அறிக்கையில் 40 கிலோ பிசகும். ஆகவே வயலில் எழுதுகிற அந்தப் படிவம் சாதாரணத் தாள் இல்லை. சர்வே எண், நாள், எடை, விவசாயியின் கையெழுத்து எல்லாம் உள்ள அந்தத் தாள்தான் மூலம். மற்றதெல்லாம் அதன் நகல்.

இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. அறுத்த அன்று போடுவது ஈர நெல்லின் எடை. காய்ந்தால் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க, எல்லாப் பரிசோதனையிலும் இல்லாமல் ஒரு பகுதியில் மட்டும், ஒரு கிலோ நெல்லைத் துணிப்பையில் கட்டி எடுத்துப்போய், எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைத்து மறுபடி நிறுப்பார்கள். அதில் கிடைக்கிற விகிதத்தைச் சுற்றுவட்டாரத்து மற்றப் பரிசோதனைகளுக்கும் போடுவார்கள். அதாவது, உங்கள் ஊர் மகசூலில் பக்கத்து ஊர்த் துணிப்பை ஒன்றும் கலந்திருக்கிறது! சங்கிலியில் அறுந்துபோவதற்கு வசதியான இடம் இதுதான். வயல் தாள் ஒரு கோப்பில் இருக்கும், உலர் எடைத் தாள் வேறொருவர் கையில் இருக்கும்.

அப்படி அறுந்த ஒரு சங்கிலியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. டெல்டாவில் ஒரு ஊர். ஊரின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து மகசூல் 3600 கிலோ என்று அறிவித்தார்கள். அந்த ஊருக்கு உத்தரவாத மகசூல் 3500. (கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியில் திட்டம் ஒப்புக்கொண்ட சதவீதம் அது.) 3600 என்றால் இழப்பே இல்லை, ஒரு பைசா கிடையாது. எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி வந்தார். “சார், களத்துல பாதி பதர். 3600 எப்படி சார் வரும்?” என்றார்.

பதரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 3600-க்கு வந்த வழியைத்தான் தேட முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். கேட்டது மூன்றே பொருள்: நான்கு வயல் தாள்களின் நகல், பயன்படுத்திய உலர் விகிதம், அந்த விகிதம் கிடைத்த தாளின் நகல். முதலில் “இறுதி மகசூல் 3600” என்று ஒற்றை வரியில் பதில். அதுதான் எங்களுக்கே தெரியுமே! மேல்முறையீடு செய்த பிறகு தாள்கள் வந்தன.

நான்கு தாளிலும் எடை 9.250, 8.600, 9.750, 8.400 கிலோ. கூட்டினால் 36.000. நான்கால் வகுத்து 400-ஆல் பெருக்குவதும், கூட்டுத்தொகையை அப்படியே 100-ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். 36-ஐ நூறால் பெருக்கினால் 3600. காகிதமும் பேனாவும்கூடத் தேவைப்படவில்லை. அறிவித்தது ஈர நெல்லின் எடை. உலர் விகிதம் உள்ளேயே வரவில்லை.

அந்தப் பருவத்துக்கு அந்தப் பகுதி உலர் எடைத் தாளில் 1000 கிராம் 860 கிராமாக நின்றிருந்தது. 3600-ஐ 0.86-ஆல் பெருக்கினால் 3096. உத்தரவாதத்துக்கு 404 கிலோ குறைவு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்றால், 404-ஐ 3500-ஆல் வகுத்து 35,000-ஆல் பெருக்குங்கள். ஏக்கருக்கு 4,040 ரூபாய். மூன்று ஏக்கர்காரருக்கு 12,120. (உங்களுக்குக் கணக்குப் பார்க்க வசதியாக எண்களைக் கொஞ்சம் நேராக்கியிருக்கிறேன். நடந்தது இதேதான்.)

யாரும் திருடவில்லை. எக்செல் தாளில் முதலில் இப்படி ஒரு சூத்திரம் இருந்திருக்க வேண்டும்:

```
=SUM(C2:C5)*100*C8
```

C8-ல்தான் உலர் விகிதம். அது வந்து சேர்வதற்குள் அவசரமாக அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் 1 என்று போட்டு, வந்த விடையை Paste Values கொடுத்து மேலே அனுப்பிவிட்டார்கள். அத்தோடு சூத்திரம் போய் வெறும் 3600 நின்றது. அதற்குப் பிறகு விகிதம் வந்தும் பயனில்லை, மாறுவதற்கு அங்கே சூத்திரம் இல்லையே. பழைய பேரேட்டில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டுமென்றால் தவறானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, மேலே புதியதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுவோம். அழித்து எழுதினால் மெமோ வரும். கணிப்பொறியில் ஒரு தட்டில் பழையது காணாமல் போகிறது, யாருக்கும் மெமோ கிடையாது. இதற்குப் பெயர் வளர்ச்சியாம்.

“இப்போதுதான் செல்போன் செயலி வந்துவிட்டதே, வயலில் நின்று இடக்குறிப்போடு படம் எடுக்கிறார்களே” என்று ஒரு நண்பர் சொன்னார். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் சொல்வது ஆள் எங்கே நின்றார், எப்போது நின்றார் என்பதை. 36.000 எப்படி 3600 ஆனது, நடுவில் எது விடுபட்டது என்பதைப் படம் சொல்லாது. மேலே சொன்ன ஊரிலும் படங்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தாள் இருக்கிறது என்பதற்காக அதில் இருப்பது உண்மை என்று ஆகிவிடாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான்கு தாளையும் நிரப்பினால் சங்கிலி அறுபடாமல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தாள் கையில் இருந்தால்தான் அந்தப் பொய்யையாவது கண்டுபிடிக்க முடியும். எடையெல்லாம் முழுக் கிலோவாகவோ அரைக் கிலோவாகவோ முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே ஊரில் நான்கு வயலும் 100, 200 கிராம் வித்தியாசத்துக்குள் விளைந்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள், எந்த ஊரிலும் மண் அப்படி இருக்காது. நான்கு மூலையில் உள்ள நான்கு வயலின் படங்களும் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தவை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு வயலுக்கே அரை நாள் ஆகும் என்று மேலே பார்த்தோம்.

“இவ்வளவு தாளையும் எங்கே வைப்பது?” என்று ஒரு அதிகாரி என்னிடமே கேட்டார். ஊருக்கு நான்கு தாள். ஒரு வட்டத்தில் நூறு ஊர் என்றாலும் 400 தாள், ஒரு பெட்டியில் அடங்கும். எடுபடாத சாக்கு. வைக்க இடமில்லை என்பதைவிட, யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் தொந்தரவு.

மகசூலை அறிவிக்கும் அன்றே அந்த நான்கு தாளையும், உலர் விகிதம் எந்த ஊர்த் தாளிலிருந்து வந்தது என்பதையும் ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்டட்டும். திருத்தினால் பழைய எண், புதிய எண், திருத்தியவர், காரணம் நான்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். இதற்குப் புதுச் செயலி எதுவும் வேண்டாம், பசை போதும். ஒட்டுகிற வரையில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் “மகசூல் எவ்வளவு” என்று கேட்காதீர்கள். எந்த நான்கு சர்வே எண், ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ, அது ஈர எடையா உலர் எடையா என்று கேளுங்கள். நான்கு எடையும் கையில் கிடைத்தால் கூட்டி, நூறால் பெருக்குங்கள். அறிவித்த எண் அப்படியே வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், மனு எழுதித் தருகிறேன்.