மானமே அடமானம்

போன ஐப்பசி மழையில் ஓர் இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். முதுகில் பை மாட்டிய ஓர் இளைஞனும், நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்த நான்கு பெண்களும். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. என் வீட்டில் சமைக்கும் அக்காவைத் தேடி வந்திருந்தார்கள். அன்று என் மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. இளைஞன் குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா டியூ கட்டுற வரைக்கும் நாங்க இங்கயே உக்காந்துக்குறோம் மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். கத்தியவர்கள் அந்த நான்கு பெண்கள். "உன்னால எங்களுக்கும் வூட்டுக்குப் போக முடில. எம்புள்ள பசில கெடக்குது. எதுக்குடி வாங்குன?" என்றார் ஒருவர். அவரும் பக்கத்துத் தெருவில் பாத்திரம் தேய்ப்பவர்தான்.

பாக்கி 2,694 ரூபாய். ஒரே ஒரு தவணை.

பணத்தை நான் கொடுத்தேன், அவர்கள் போனார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கடனில் என் பங்கும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். "குழுவுல எடுத்தேன்" என்றார் அக்கா. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு கௌரவம் உண்டு. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் பெண்கள் முதலில் சேமித்தார்கள். சேமித்ததைத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். வட்டி குழுவுக்கே திரும்பியது. வங்கி அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா சொன்ன குழு அதுவல்ல. அதில் சேமிப்பும் இல்லை, பொது நிதியும் இல்லை. நுண்கடன் நிறுவனம் கடன் கொடுப்பதற்காகவே ஒரு தெருவின் பெண்களை ஒன்றாக உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிய கூட்டுப் பொறுப்புக் குழு. முன்னதில் பெண்கள் சேர்ந்ததால் பணம் உண்டானது. பின்னதில் பணத்தைத் திரும்ப வசூலிக்கப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். இரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். முதலாவது சம்பாதித்த நல்ல பெயரை இரண்டாவது செலவழித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து கணக்கு. மறுநாள் அக்காவின் கடன் அட்டையை வாங்கிப் பார்த்தேன். கடன் 50,000. மாதம் 2,694 வீதம் 24 தவணை. மொத்தம் 64,656. "நூத்துக்கு ஒன்னேகா ரூபா வட்டிகூட இல்லக்கா" என்று கடன் கொடுக்கும்போது சொன்னார்களாம். இது பொய்க்கணக்கு அல்ல. இரண்டு வருடத்துக்கு 14,656 ரூபாய் வட்டி. அதை 50,000-க்கும் 24 மாதத்துக்கும் வகுத்தால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் இருபத்திரண்டு பைசா வருகிறது. ஆனால் அந்த ஐம்பதாயிரம் இரண்டு வருடமும் அக்காவின் கையில் இருக்கவில்லை. முதல் மாதமே அசல் குறையத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாம் மாத முடிவில் பாதிக்குச் சற்று அதிகம்தான் மிச்சம். மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் அதே தவணை ஆண்டுக்கு 26 விழுக்காடு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கும் மேல். போதாததற்கு, செயலாக்கக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, அவருக்கும் கணவருக்குமான காப்பீடு என்று 1,700 பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 48,300. அதை வைத்துப் பார்த்தால் விகிதம் முப்பதைத் தொடுகிறது. மாணவிகளே, உங்கள் அம்மாவின் கடன் அட்டையில் பார்க்க வேண்டியவை மூன்று: கைக்கு வந்த தொகை, தவணைகளின் கூட்டுத்தொகை, குறையும் நிலுவைக்கான ஆண்டு வட்டி. வாயால் சொல்லும் வட்டியை நம்பாதீர்கள்.

கார் வாங்க எனக்கு வங்கி கொடுத்த கடனின் வட்டி இதில் பாதிகூட இல்லை. நான் தவறினால் வங்கி காரை எடுத்துக்கொள்ளும். அக்காவிடம் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் வரையறைப்படியே நுண்கடன் என்பது ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுக்கும் கடன். அடமானம் இல்லை என்பது காகிதத்தில்தான். உண்மையில் அடமானம் வைக்கப்படுவது பெண்ணின் மானம். அக்கம்பக்கத்தார் முன், வேலை செய்யும் வீட்டு வாசலில் தலைகுனிய முடியாது என்ற அவளுடைய பயம்தான் பிணை. "பெண்கள் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள்" என்று இந்தத் தொழில் நம்மைப் பாராட்டுகிறதே, அந்தப் பாராட்டின் பொருள் இதுதான். ஆணை அவமானப்படுத்துவதைவிடப் பெண்ணை அவமானப்படுத்துவது மலிவு. அந்த வேலையையும் மற்ற நான்கு பெண்களைக்கொண்டே செய்தால் இன்னும் மலிவு. வசூலிப்பவனுக்கு அடியாள் தேவையில்லை. சம்பளமில்லாத அடியாட்களாக நம்மையே ஆக்கிவிட்டார்கள்.

விதி இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறை தெளிவாக இருக்கிறது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வரத் தவறினால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். மிரட்டக் கூடாது, வசைபாடக் கூடாது, காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக்கூடக் கூடாது. உறவினரையோ நண்பரையோ உடன் வேலை செய்பவரையோ தொல்லைப்படுத்தக் கூடாது. கடன் அட்டை கடன் பெற்றவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கட்டாய வசூலைத் தண்டிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "புகார் குடுத்தா அடுத்த லோன் யாரும்மா தருவா? அந்த நாலு பேரும் எந்தெருவுலதான இருக்காங்க?" என்றார். எந்த விதிக்கும் இதற்குப் பதில் தெரியாது. விதி வசூலிக்க வருபவனைப் பார்க்கிறது. அக்கா பயப்படுவது நாளைக் காலை குழாயடியில் பார்க்கப்போகும் முகங்களுக்கு.

அதே நெறிமுறையில் இன்னொரு விதி உண்டு. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பு என்று இதைச் சொல்கிறார்கள். மூன்று வீடுகளில் வேலை செய்து அக்காவுக்கு 11,000 வருகிறது. கணவர் சுமை ஆட்டோ ஓட்டி 9,000 கொண்டுவருகிறார். மொத்தம் 20,000. இந்தத் தவணை 2,694, இன்னொரு நிறுவனத்துக்கு 3,100, கடைத்தெருத் தண்டலுக்கு நாளுக்கு நூறு வீதம் மாதம் 3,000. ஆக 8,794. பாதியைத் தாண்டவில்லை, விதி மீறப்படவில்லை. வாடகை 6,000 போனால் நான்கு பேரின் சாப்பாடு, பள்ளி, பஸ், கேஸ் எல்லாவற்றுக்கும் 5,206. மழை மாதத்தில் ஆட்டோ ஓடவில்லை. அப்போது வாடகைக்கு முன்பே கையில் நிற்பது 2,206. அந்த மாதத்தில்தான் அவர் ஒரு தவணை தவறினார்.

இந்த ஏழ்மையில் லாபம் எடுப்பது எப்படித் தொடங்கியது? 1990களின் இறுதியில் லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கிய எஸ்கேஎஸ், பின்னர் நிறுவனமாகி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கின் விலை 985 ரூபாய். முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். அதே ஆண்டு ஆந்திராவில் கடன் நெருக்கடியால் நேர்ந்த தற்கொலைகள் செய்தித்தாள்களை நிறைத்தன. அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாலேகாம் குழு அமைக்கப்பட்டு, 2011-ல் ரிசர்வ் வங்கி 26 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. 2022-ன் நெறிமுறை வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டது. போட்டியே வட்டியைக் குறைக்கும் என்றார்கள். 2024 அக்டோபரில் ஆசீர்வாத், அரோஹன், டிஎம்ஐ, நாவி ஆகிய நான்கு நிறுவனங்கள் அளவுமீறிய வட்டி வாங்குவதாகச் சொல்லிப் புதுக்கடன் கொடுக்க ரிசர்வ் வங்கியே தடை போட வேண்டிவந்தது. (என் வாசலுக்கு வந்த நிறுவனம் இவற்றில் ஒன்றல்ல.) அடுத்த ஜனவரிக்குள் நான்கின் தடையும் நீங்கிவிட்டது.

நிறுவனங்களின் பதில் எனக்குத் தெரியும். சின்னக் கடனை வாசல் வாசலாகப் போய் வசூலிக்கச் செலவு அதிகம். அவர்களும் வங்கியில் வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறார்கள். நாங்கள் இல்லாவிட்டால் தண்டல்காரன் வருவான் என்கிறார்கள். மூன்றும் உண்மை. தண்டலில் 9,000 கொடுத்து நூறு நாளில் 10,000 வாங்குகிறார்கள். ஆண்டு வட்டி எண்பதுக்குப் பக்கம். ஆனால் அக்காவின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். நிறுவனம் தண்டலை விரட்டவில்லை. நிறுவனத்தின் தவணையைக் கட்டத்தான் தண்டல் வாங்கினார். செலவு அதிகம் என்றால் அந்தச் செலவுக்கு ஈடாக வட்டி வாங்கட்டும். பங்குதாரரின் லாபம் ஏன் அதன் மேல் ஏற வேண்டும்? வறியவருக்குக் கடன் தேவை என்பது அதில் யாரோ ஒருவர் செல்வந்தராக வேண்டும் என்பதற்கு நியாயம் ஆகாது. கூட்டுப் பொறுப்பைச் சட்டம் தடை செய்ய வேண்டும். வட்டிக்கும் கட்டணங்களுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு திரும்ப வேண்டும். மழை மாதத் தவணையை அபராதமின்றித் தள்ளிப்போடும் உரிமை கடன் பெற்றவளுக்கு வேண்டும்.

இனி என் பங்கு. அந்தக் கடனுக்கு முன் அக்கா என்னிடம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் முன்பணம் கேட்டிருந்தார். "அடுத்த மாசம் பார்க்கலாம்க்கா" என்றேன். அந்த மாதம் தி.நகரில் அதைவிட அதிகத்துக்குப் புடவை எடுத்தேன். என் வீட்டில் மட்டும் அவர் மாதம் அறுபது மணிநேரம் உழைக்கிறார். நான் கொடுத்தது 4,000. மயிலாப்பூரும் அடையாறும் கொடுக்காத கூலியைத்தான் நிறுவனங்கள் 26 விழுக்காட்டுக்குக் கடனாகக் கொடுக்கின்றன. அவர்களை எதிர்த்து எழுதும் இந்தக் கை சுத்தமானதல்ல என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கூலியை ஏற்றிவிட்டேன். அன்று கட்டிய 2,694-ஐக் கழித்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. கழிக்கவில்லை. இருந்தும் ஒரு மாதம்வரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் வாசலில் அன்று அவர் இழந்தது அட்டையில் எழுதப்படாத தவணை. அதை யாராலும் அவருக்குத் திருப்பிக் கட்ட முடியாது.