புரோட்டான் சிகிச்சை: குழந்தைக்குச் சரி, தாத்தாவுக்கும் தேவையா?

வீட்டில் ஒருவருக்கு கேன்சர் என்று தெரிந்ததும், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “புரோட்டான்னு ஒண்ணு வந்திருக்கு, சைடு எஃபெக்ட்டே கிடையாதாம், நம்ம சென்னையிலேயே இருக்கு.” இருப்பது உண்மைதான். 2019-ல் தரமணியில் அப்போலோவின் புரோட்டான் மையம் திறக்கப்பட்டது. நவி மும்பையில் டாடா நினைவு மையத்திலும் இந்த வசதி உண்டு. ஆனால் ‘சைடு எஃபெக்ட்டே கிடையாது’ என்பது உண்மை இல்லை. எல்லோருக்கும் இதனால் லாபம் என்பதும் இல்லை.

ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் வழக்கமான ரேடியேஷனில் போவது எக்ஸ்ரே, அதாவது ஃபோட்டான். அது தோலைத் தாண்டிக் கட்டியைத் தாக்கிவிட்டு, அங்கே நிற்காமல் உடலின் மறுபக்கம் வழியாக வெளியேறும். வழியில் இருக்கும் நல்ல உறுப்புகளுக்கும் கொஞ்சம் டோஸ் விழும். புரோட்டான் அப்படி இல்லை. வேகம் குறையக் குறைய அதிக ஆற்றலைக் கொட்டும். கடைசி சில மில்லிமீட்டரில் மிச்சத்தையும் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதன் ஆற்றலை மாற்றி டாக்டர்கள் முடிவு செய்யலாம்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கட்டிக்குக் கிடைக்கும் டோஸ் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேன்சரை ‘ஸ்ட்ராங்கா’ கொல்வது புரோட்டானின் வேலை இல்லை. கட்டிக்குப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

பின்னால் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டி வந்த ஒரு 7 வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷனில் கட்டியை எடுத்தாலும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் கேன்சர் செல்கள் மிதந்து போயிருக்கலாம். அதனால் மூளை முழுவதும், முதுகுத்தண்டு முழுவதும் ரேடியேஷன் கொடுப்பார்கள். வழக்கமான ரிஸ்க் உள்ள குழந்தைக்கு 13 நாளில் 23.4 கிரே. அதன்பின் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் இன்னும் 17 நாள் கொடுத்து, அந்த இடத்தின் மொத்த டோஸை 54 கிரேவுக்குக் கொண்டுபோவார்கள். வாரம் 5 நாள் வீதம் ஆறு வாரம்.

முதுகுப் பக்கமிருந்து ஃபோட்டான் செலுத்தினால் அது முதுகெலும்பைக் கடந்து இதயம், நுரையீரல், குடல், கழுத்தில் தைராய்டு என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வெளியேறும். அந்தக் குழந்தை பிழைத்து இன்னும் 60, 70 வருஷம் வாழ வேண்டியவள். இதயப் பிரச்னை, தைராய்டு குறைபாடு, இன்னொரு கேன்சர் எல்லாம் தலைகாட்ட அத்தனை வருஷம் இருக்கிறது. புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடுவதால் இந்த உறுப்புகள் கிட்டத்தட்ட தப்பிக்கின்றன.

தண்டுவடத்தோடு நிறுத்தினால் எலும்பும் தப்பிக்குமே என்று தோன்றலாம். வளரும் குழந்தைக்கு அதைச் செய்வதில்லை. எலும்பின் பின்பாதி வளராமல் முன்பாதி மட்டும் வளர்ந்தால் முதுகு வளைந்துவிடும் என்பதால், வேண்டுமென்றே முழு எலும்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் உயரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மூளை முழுவதற்கும் தரும் 23.4 கிரே இரண்டு முறையிலும் ஒன்றே என்பதால், படிப்பு, நினைவாற்றல் பாதிப்பும் முழுக்க நீங்காது. உள்காதையும் மூளையின் மற்ற பகுதிகளையும் ஓரளவு காப்பாற்ற முடிவது கடைசி 17 நாளில்தான்.

‘சரியாக நிற்கும்’ என்ற பலமேதான் இதன் பலவீனமும். கணக்கில் சில மில்லிமீட்டர் தப்பினால் கட்டியின் ஓரம் விடுபடும், அல்லது மூளைத்தண்டில் டோஸ் விழும். எடை குறைந்தாலோ சைனஸில் சளி நிரம்பினாலோ கூட ஆழம் மாறும். அதனால்தான் நடுவில் மறுபடி சிடி ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கிறார்கள்.

சரி, 70 வயது தாத்தாவின் புராஸ்டேட் கேன்சருக்கு? அமெரிக்காவில் சுமார் 450 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஃபோட்டானையும் புரோட்டானையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பார்ட்டிகுவால் ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்துக் குடல் இயக்கத்திலோ, நோய் கட்டுப்பாட்டிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. செலவு மட்டும் பல மடங்கு. இதற்காக வீட்டை அடமானம் வைப்பதில் அர்த்தமில்லை. பெரியவர்களில் இதனால் பயன் பெறுபவர்கள் வேறு: மண்டையோட்டின் அடிப்பகுதியில், பார்வை நரம்பை ஒட்டிக் கட்டி இருப்பவர்கள், ஏற்கெனவே ரேடியேஷன் எடுத்த அதே இடத்தில் மறுபடி எடுக்க வேண்டியவர்கள்.

நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இந்த மெஷின்கள் இருக்கும்போது, அரசுக் காப்பீட்டுப் பணமும் ஸ்லாட்டும் முதலில் போக வேண்டியது அந்தச் சிறுமி போன்றவர்களுக்கு. அவளுக்குமே ஒரு கண்டிஷன் உண்டு. ஆபரேஷன் முடிந்து சுமார் 4 முதல் 6 வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கியாக வேண்டும். புரோட்டான் ஸ்லாட்டுக்காகவோ பணம் புரட்டுவதற்காகவோ இரண்டு மாசம் தள்ளிப்போட்டால், கட்டி திரும்பும் ஆபத்து கூடும். அப்படியான நிலையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே கிடைக்கும் நல்ல ஃபோட்டான் சிகிச்சையே மேல். நேரம் இருந்தால், டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: “ரெண்டு பிளானையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த உறுப்புக்கு எவ்வளவு டோஸ் குறையுதுன்னு காட்டுறீங்களா?”