தகரமா? தளமா?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்திலே கீற்றுக் கூரை பற்றி எரிந்தது. 94 பிஞ்சுகள் கருகின. அதன்பின் பள்ளிக்குக் கீற்று வேண்டாம் என்பது முடிந்த வழக்கு. இன்றைய கேள்வி, தகரக் கூரையா, காங்கிரீட் தளமா என்பதே. தகரம் மலிவு என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போமா?

திருவண்ணாமலையிலே 500 சதுர அடி வகுப்பறை ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் இன்றைய விலையில், எடுத்துக்காட்டுக்காக எழுதிய தொகைகள். உங்கள் ஊர் விலையை இட்டுப் பாருங்கள். தகரத்துக்கு ஒன்றரை லட்சம், தளத்துக்கு இரண்டரை லட்சம். ஆண்டுப் பராமரிப்பு தகரத்துக்கு 4,000, தளத்துக்கு 1,000. 15ஆம், 30ஆம் ஆண்டுகளில் தகடு மாற்ற ஒரு லட்சம். தளத்தின்மேல் தட்டோடு புதிதாகப் பதிக்க 30,000. 45ஆம் ஆண்டில் இரண்டுக்கும் மிச்ச மதிப்பு இல்லை.

ஆக, தளத்துக்கு இன்று ஒரு லட்சம் கூடுதல். பின்னால் ஆண்டுதோறும் 3,000, இரு தவணைகளில் 70,000 வீதம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு இன்று என்ன மதிப்பு? அங்கேதான் சூட்சுமம்!

நாளைய ரூபாயை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் அளவே கழிவு வீதம். 10 சதவீதம் என்றால், 15 ஆண்டு கழித்து வரும் ஒரு ரூபாய் இன்று 24 காசு. 3 சதவீதம் என்றால் 64 காசு. 10 சதவீதத்தில் மொத்த மிச்சம் சுமார் 50,000தான், தகரம் வெல்கிறது. 3 சதவீதத்தில் சுமார் 1,47,000, தளம் வெல்கிறது. 5 சதவீதத்தில் ஏறத்தாழச் சமன்.

எது சரியான வீதம்? கடன் வட்டி 8, விலை ஏற்றம் 5 என்று கொண்டால், செலவை இன்றைய விலையில் எழுதியவன் விலையேற்றத்தைக் கழித்து, ஏறத்தாழ 3 சதவீதத்தையே எடுக்க வேண்டும். விலை உயர்வைச் செலவிலே சேர்க்காமல், முழு வட்டியால் மட்டும் கழிப்பவன் வருங்காலத்தை இருமுறை கழிக்கிறான். தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்தே செய்தால் சூழ்ச்சி!

தளமும் சாகாவரம் பெற்றதல்ல. தட்டோடு வெடித்து நீர் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பெயரும். கம்பி ஓடும் வழியிலே பழுப்புக் கோடு கண்டாலோ, தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ, அதன்கீழ் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. 30,000 ரூபாய்ப் பணியை மறந்தால் 45 ஆண்டுக் கணக்கே பொய்யாகும்.

இன்னொன்று: சித்திரை வெயிலில் தகரத்தின்கீழ் வேகும் பிள்ளையின் வேதனைக்கு இந்தக் கணக்கிலே ஒரு காசும் இல்லை. அதைச் சேர்க்காமலே தளம் வெல்கிறது!

ஆகவே, மதிப்பீட்டுத் தாள் உங்கள் ஊருக்கு வரும்போது முதல் விலையோடு நிற்காதீர்கள். கேளுங்கள்: எத்தனை ஆண்டுக் கணக்கு? என்ன கழிவு வீதம்? விலையேற்றம் சேர்ந்ததா, சேராததா? மூன்றுக்கும் விடை எழுதாத தாள், கணக்கல்ல; வெறும் காகிதம்!