கூண்டில் நிற்கும் மகளுக்கு எது தர்மம்?

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு மே மாதமும் ஏற்காடு போய்விடுவேன். ஆய்வு ஒரு சாக்கு. பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது, பெரியப்பா காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். டிவியில் கௌசல்யாவைப் பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, பெத்தவன் எம்புட்டுத் தப்புப் பண்ணியிருந்தாலும், பெத்த மவளே கோர்ட்டுல ஏறி அவனுக்குத் தூக்குக் கேக்குறது தர்மமா? நீ படிச்சவ, சொல்லு."

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. "கொலை பண்ணது மட்டும் தர்மமா பெரியம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். அது பதில் இல்லை. அவர் கேட்டது வேறு. ஒரே ஆளின் தலையில் இரண்டு கடமைகள் மோதும்போது எது ஜெயிக்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை மதித்து யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் தோழர்கள் பலர் "தர்மம்னாலே பார்ப்பனியம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வீட்டில் அம்மாவும் அத்தையும் நம்மை மடக்குவது அந்தச் சொல்லை வைத்துத்தான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர்களோடு பேச முடியாது.

மலையில் இருந்து கீழே பார்த்தால் மேற்கே ஓமலூர். கோகுல்ராஜின் ஊர். 2015 ஜூன் 23 அன்று அந்தப் பொறியியல் பட்டதாரி, தன்னோடு படித்த தோழியைத் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் சந்தித்தார். அவர் தலித், தோழி கொங்கு வெள்ளாளக் கவுண்டர் சமூகம். ஒரு கும்பல் அவர்களை மறித்து, கோகுல்ராஜை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிப்பாளையம் பக்கம் ரயில் பாதையில் தலை துண்டான உடல் கிடைத்தது. கடைசியாக அவரோடு இருந்தவர் அந்தத் தோழி. தொடக்கத்தில் அவர் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தார். விசாரணை வந்தபோது பிறழ்சாட்சியாக மாறினார். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவரைத் தானாக வரவழைத்து, கோயில் கேமரா பதிவைப் போட்டுக் காட்டியது. அதில் இருப்பது நானில்லை என்றார். நீதிபதிகள் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் மாறவில்லை. நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கப்பட்டது.

ஒரு பக்கம் கௌசல்யா. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், கௌசல்யா தலையில் வெட்டுக் காயத்தோடு பிழைத்தார். பிழைத்தவர் தன் அப்பா அம்மாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். இன்னொரு பக்கம் கோகுல்ராஜின் தோழி, குடும்பத்தோடு நின்று, தன்னையே தான் அடையாளம் தெரியாது என்று சொன்னவர். பெரியம்மாவின் கணக்குப்படி முதலாமவர் தர்மத்தை மீறியவர், இரண்டாமவர் காப்பாற்றியவர்.

இந்தக் கணக்குக்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டா? உண்டு, அதுவும் நாம் நினைப்பதைவிடச் சிக்கலான இடம்.

தர்ம சாஸ்திரம் கடமையை இரண்டு அடுக்காக வைக்கிறது. உண்மை பேசு, கொல்லாதே, திருடாதே என்பவை எல்லோருக்கும் பொது. இதைச் சாமானிய தர்மம் என்பார்கள். மகன், மனைவி, அரசன், இன்ன வருணத்தான் என்று அவரவர் நிலைக்குத் தனித்தனியாக விதித்தது விசேஷ தர்மம். இரண்டும் மோதினால் என்ன செய்வது என்பதற்கு மகாபாரதத்தில் ஒரு கதை இருக்கிறது. கர்ண பருவத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனுக்குச் சொல்வது. கௌசிகன் என்ற தவசி, உண்மை தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன். கொள்ளையருக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அவன் இருந்த இடத்துக்குப் பக்கத்துக் காட்டில் ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்டதும் கௌசிகன் உள்ளதைச் சொல்லிவிட்டான். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உண்மை பேசிய கௌசிகன் நரகத்துக்குப் போனான். உயிரைக் காக்கும் பொய், உயிரைக் கொல்லும் உண்மையைவிட மேல் என்பது கிருஷ்ணனின் வாதம்.

மனுவும் சாட்சிகளைப் பற்றிப் பேசும் எட்டாம் அத்தியாயத்தில் இதையே சட்டமாக்குகிறார். பொய்ச்சாட்சி சொல்பவன் தன் சுற்றத்தார் ஆயிரம் பேரைக் கொன்றவனுக்குச் சமம் என்று முதலில் மிரட்டுகிறார். அப்புறம் விதிவிலக்கு. உண்மை சொன்னால் ஒரு சூத்திரனோ, வைசியனோ, சத்திரியனோ, பிராமணனோ சாக நேரும் என்றால் பொய் சொல்லலாம், பிறகு சரஸ்வதிக்கு ஒரு சிறு பரிகாரம் செய்தால் போதும். பெரியம்மா மனுவைப் படித்தவர் இல்லை. ஆனாலும், 'பொய் சொன்னாலும் பெத்தவனைத் தூக்கில் இருந்து காப்பாத்தலாமே' என்ற அவர் மனசின் நியாயம் இந்த வரிசையில்தான் வருகிறது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நான்கு வருணம் வந்துவிட்டது. அதற்கு வெளியே தள்ளப்பட்டவர் அதில் இல்லை. ஓமலூர்க்காரரின் உயிர் அங்கே எண்ணப்படவே இல்லை. அதே அத்தியாயம் யார் யாருக்குச் சாட்சி சொல்லலாம் என்றும் வரையறுக்கிறது. பெண்ணுக்குப் பெண், இருபிறப்பாளருக்கு இருபிறப்பாளர், சூத்திரருக்குச் சூத்திரர், கடைசிப் பிறவிக்குக் கடைசிப் பிறவி. பேராசை இல்லாத ஒரே ஆண் சாட்சியாகலாம், ஒழுக்கமுள்ள பல பெண்கள் சேர்ந்தாலும் ஆகாது, அவர்கள் புத்தி நிலையற்றது என்கிறது. ஒரு தலித் இளைஞன் கொலையில் ஒரு ஆதிக்க சாதிப் பெண் ஏறி நிற்கும் கூண்டு மனுவின் கற்பனையிலேயே கிடையாது.

சாஸ்திரத்தை விட்டுவிட்டு கௌசிகன் கதையை மட்டும் எடுத்தாலும் அது பெரியம்மாவுக்குக் கைகொடுக்காது. கதையில் ஓடி ஒளிந்தவர்கள் யார், துரத்தி வந்தவர்கள் யார்? பொய்யால் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் ஓடியவர்கள். கோகுல்ராஜ் வழக்கில் ஓடியவன் ஏற்கெனவே செத்துவிட்டான். கூண்டில் சொல்லப்படும் பொய் துரத்தியவர்களைத்தான் ஒளித்து வைக்கிறது. கதை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் மனசாட்சி? தர்மத்துக்கு நான்கு ஆதாரங்கள் என்கிறார் மனு: வேதம், ஸ்மிருதி, நல்லோர் ஒழுக்கம், கடைசியாகத் தன் மனத்தின் நிறைவு. பல நவீன இந்துக்கள் இந்த நான்காவதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள், பார், எங்கள் மரபில் மனசாட்சிக்கு இடம் உண்டு என்று. உரைகாரர் மேதாதிதி அந்தக் கதவை உடனே சாத்திவிடுகிறார். எல்லோர் மனநிறைவும் அல்ல, வேதம் கற்ற நல்லோரின் மனநிறைவு மட்டுமே என்கிறார். குமாரில பட்டர் இதற்கு அழகான உவமை தருகிறார். உப்புச் சுரங்கத்தில் எதைப் போட்டாலும் உப்பாகிவிடும். அதுபோல வேதத்தில் ஊறியவன் மனசுக்குப் பிடித்ததெல்லாம் தர்மமாகிவிடும்.

சாகுந்தலத்தில் துஷ்யந்தன் செய்வதும் இதுதான். முனிவரின் ஆசிரமத்துப் பெண் மீது ஆசை வந்ததும், என் மனசு இவளை விரும்புகிறது, ஆகவே இவள் சத்திரியன் மணக்கத் தகுந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். மனசாட்சி சாதியைக் கேள்வி கேட்கவில்லை, சாதியைச் சரியாக மோப்பம் பிடித்துக் கொடுக்கிறது.

இந்த உப்புச் சுரங்க உவமை எனக்கு ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்தது, காரணம் அது உண்மை. சாதியில் ஊறிய மனசுக்கும் மனசாட்சி உண்டு, அதுவும் உப்பாகத்தான் இருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கின் முதல் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். குற்றவுணர்வில் கூனிக் குறுகிய ஆளின் செயல் அல்ல அது. ஆகவே குடும்பமா மனசாட்சியா என்ற தராசில் மனசாட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டால் போதும் என்று நம்மால் சொல்ல முடியாது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விதிக்கும் கொள்கைக்கும் வேறுபாடு காட்டியது இதற்காகத்தான். விதி, இன்னதைச் செய் என்கிறது, செய்பவன் பொறுப்பாளி ஆவதில்லை. கொள்கை, எப்படி எடைபோடுவது என்று சொல்லித்தருகிறது, முடிவின் பொறுப்பு செய்பவன் தலையில் விழுகிறது. இந்துக்கள் தர்மம் என்று சொல்வது கட்டளைகளும் தடைகளும் சேர்ந்த ஒரு தொகுப்புதான் என்றார் அவர். நான் எடைபோடுவது இப்படி: என் கடமையை நான் நிறைவேற்றுவதற்கான விலையை யார் கொடுக்கிறார்? குடும்ப மானத்தின் விலையை அடுத்தவன் உயிரால் கட்டினால் அது கடமை ஆகாது. கௌசல்யா தன் சாட்சியத்தின் விலையைத் தானே கொடுத்தார். பெற்றோர், ஊர், உறவு எல்லாம் போயிற்று.

அதே எடைக்கல்லை அந்தத் தோழிக்கு வைக்கும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது. அவரை இணையத்தில் துரோகி என்று திட்டிய நம் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலம் தனியாக நின்று யாரையும் தண்டிக்காது. கொடுத்தவரே விசாரணையில் வந்து அதைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வருடங்களில் அவர் எங்கே சாப்பிட்டார், எங்கே தூங்கினார்? குடும்பத்தின் கூரைக்குக் கீழேதான். கல்யாணமும் ஆகிவிட்டது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் சட்டமாக ஏற்றது 2018 டிசம்பரில், கொலை நடந்து மூன்று வருடங்களுக்கு மேல் கழித்து. வேறு கூரையே இல்லாதவரிடம் போய், உன் தர்மசங்கடத்தில் நீ தவறாகத் தேர்ந்தெடுத்தாய் என்று எப்படிச் சொல்வது? தேர்ந்தெடுக்க அவருக்கு இரண்டாவது வழி இருந்ததா? கௌசல்யாவுக்கு சங்கரின் குடும்பம் வீடு கொடுத்தது, இயக்கங்கள் கூட நின்றன. அந்த வித்தியாசத்தை மனவலிமை என்ற ஒரே சொல்லால் மறைத்துவிடக் கூடாது.

தோழி பின்வாங்கியும் வழக்கு நின்றது. காரணம் கோயில் கேமரா, கோகுல்ராஜின் அம்மா சித்ராவின் பிடிவாதம், வழக்கறிஞர் பவானி பா. மோகனின் உழைப்பு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைத் தண்டித்தது. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. உடுமலை வழக்கில் நடந்தது வேறு. 2017 டிசம்பரில் தூக்குத் தண்டனை பெற்ற கௌசல்யாவின் தந்தையை 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மகள் நேரில் நின்று சொன்ன வழக்கில் தந்தை வெளியே, தோழி வாயை மூடிக்கொண்ட வழக்கில் குற்றவாளி உள்ளே. சாட்சி சொன்னதன் சரி தவறைத் தீர்ப்பை வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இந்த வருடம் போனபோது பெரியம்மாவிடம் கௌசிகன் கதையைச் சொன்னேன். ஓடி ஒளிந்தவர்கள் யார் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மலையாளி மக்களின் பழங்கதையை எடுத்தார். காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து, பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறி, வேற்றுச் சாதிப் பெண்களைக் கட்டிக்கொண்ட கதை. "இந்த மலையே அப்படித்தான் ஆச்சுங்கறாங்க. அவங்களைப் பெத்தவங்க அப்போ என்ன சொல்லியிருப்பாங்களோ?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துபோய், மறுநாள் எனக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய காபித்தூளை நிறுக்கத் தொடங்கினார்.